ஒரே ஒரு பிளாஸ்மா லாட் மட்டும் விழுகிறது. இன்ஃப்யூஷன் கோடோ நேராக இருக்கிறது

கொள்ளிடம் எழுதியது:

வணக்கம். பயோஈக்விவலன்ஸ் ஆய்வுகள் செய்யும் ஒரு லேபில் இருக்கிறேன். மனித பிளாஸ்மாவில் அம்லோடிபின் மெத்தட் வேலிடேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. பாசிட்டிவ் எலக்ட்ரோஸ்ப்ரே, 409.2 → 238.1. இன்டர்னல் ஸ்டாண்டர்ட், அதாவது ஐஎஸ், அம்லோடிபின்-டி4, 413.2 → 238.1. 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் 300 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் ஊற்றி புரதத்தைப் படியவைத்து, மேலே நிற்கும் தெளிவில் 10 மைக்ரோலிட்டர் இன்ஜெக்ஷன். 2.1 × 50 மி.மீ. சி18 காலம், நிமிடத்துக்கு 0.4 மி.லி., ஃபார்மிக் ஆசிட் நீரும் அசிட்டோநைட்ரைலும் வைத்து கிரேடியன்ட், மொத்தம் 3.5 நிமிடம். பீக் 2.1 நிமிடத்தில் வருகிறது. கடைசியில் 95% அசிட்டோநைட்ரைலில் அரை நிமிடம் கழுவல்.

ஐசிஎச் எம்10 கேட்கிறபடி ஆறு தனித்தனி லாட்களில் லோ, ஹை க்யூசி மும்மூன்று ஓட்டினேன். ஐந்து லாட் சரி. நான்காவது லாட்டில் ஹை க்யூசி சராசரி −18%, ஃபெயில். அதே லாட்டின் லோ க்யூசி −13%, எப்படியோ உள்ளே வந்துவிட்டது. அந்த லாட்டில் ஐஎஸ் ஏரியாவும் மற்றவற்றைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு.

பிளாஸ்மாவின் வேறு சரக்கு ஏதோ சோர்ஸில் மருந்தின் சிக்னலை அடக்குகிறது, சப்ரெஷன்தான் என்று நினைத்து போஸ்ட்-காலம் இன்ஃப்யூஷன் செய்தேன். 10 மைக்ரோகிராம்/மி.லி. அம்லோடிபினை சிரிஞ்ச் பம்ப்பில் 10 மைக்ரோலிட்டர்/நிமிடம் விட்டு, நான்காவது லாட்டின் பிளாங்க் எக்ஸ்ட்ராக்ட்டை ஒரு முறை இன்ஜெக்ட் செய்தேன். 0.3 நிமிடத்தில் வழக்கமான பள்ளம். அதற்கப்புறம் 3.5 வரை கோடு நேராகப் போகிறது. 2.1-இல் ஒன்றுமே இல்லை.

என் கேள்விகள் இரண்டு. சப்ரெஷன் இல்லையென்றால் ஏரியா ஏன் குறைகிறது? இருக்கிறதென்றால், லோ தப்பித்து ஹை ஏன் விழுகிறது? தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

---

கறிவேப்பிலை எழுதியது:

எங்களுக்கும் இதே தொல்லை உண்டு நண்பரே. நான் ஏற்றுமதி மசாலா, இலைகளில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கிறவன். கறிவேப்பிலை வந்தால் பாதி மருந்து காணாமல் போகும். எக்ஸ்ட்ராக்ஷன் சால்வென்ட்டைக் கூட்டி, குலுக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். அந்த லாட்டில் புரதம் அதிகமாக இருக்கலாம், மருந்து அதோடு கட்டிப்போய் படிவில் தங்கியிருக்கும். ரெகவரி ஏறினால் எல்லாம் சரியாகிவிடும்.

---

கிரேடியன்ட்_காவலன் எழுதியது:

ரெகவரி இல்லை இது. டி4 ஐஎஸ் முதலிலேயே பிளாஸ்மாவில் சேர்க்கப்படுகிறது. மருந்து படிவில் தங்கினால் ஐஎஸ்ஸும் தங்கும், விகிதம் மாறாது.

ஹை மட்டும் விழுவதற்கு எளிய காரணம் இருக்கிறது. எலக்ட்ரோஸ்ப்ரேயில் துளியின் மேற்பரப்பில் கொஞ்சம் சார்ஜ்தான் இருக்கும், அதற்கு எல்லாரும் போட்டி போடுகிறார்கள். ஹை க்யூசியில் மருந்தே நிறைய இருப்பதால் போட்டி முற்றிவிடுகிறது. சாம்பிளை நான்கு மடங்கு டைல்யூட் செய்து ஓட்டினால் நேராகிவிடும். அப்படியே டைவர்ட் வால்வை வைத்து 2.5 நிமிடத்துக்குப் பிறகு வருவதை எல்லாம் வேஸ்ட்டுக்குத் திருப்பி விடுங்கள், சோர்ஸ் சுத்தமாக இருக்கும். அதற்கும் அடங்கவில்லையென்றால் எலக்ட்ரோஸ்ப்ரேயை விட்டு ஏபிசிஐ சோர்ஸுக்கு மாறுங்கள்.

---

பொதிகை எழுதியது:

கொள்ளிடம், முதலில் இன்ஃப்யூஷனைச் சரிசெய்வோம். இப்போது இருக்கும் கோட்டிலிருந்து "சப்ரெஷன் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் விட்டது 10 மைக்ரோகிராம்/மி.லி. நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் என்றால் 100 நானோகிராம் போகிறது. அது காலத்திலிருந்து வரும் 400 மைக்ரோலிட்டரோடு கலந்து சோர்ஸுக்குள் நுழையும்போது ஏறக்குறைய 244 நானோகிராம்/மி.லி. இனி உங்கள் உண்மையான பீக்கைக் கணக்குப் போடுங்கள். கர்வின் உச்சி 10 நானோகிராம்/மி.லி. என்று வைத்துக்கொள்கிறேன். அசிட்டோநைட்ரைல் ஊற்றியதும் நான்கில் ஒன்றாகி 2.5. அதில் 10 மைக்ரோலிட்டர் என்றால் காலத்துக்குள் போவது 25 பிகோகிராம். பீக் அகலம் 6 விநாடி இருந்தால் அது 40 மைக்ரோலிட்டரில் பரவி வருகிறது. சராசரி 0.6, உச்சியில் சுமார் 1.2 நானோகிராம்/மி.லி. அதாவது உங்கள் பெரிய பீக்கைவிட 200 மடங்கு அடர்த்தியை உள்ளே ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். டிடெக்டர் அங்கே நிரம்பி வழியும். நிரம்பிய டிடெக்டரில் 30% குறைந்தாலும் கோடு அசையாது. 0.3 நிமிடத்துப் பள்ளம் தெரிகிறதே என்பீர்கள். அங்கே உப்பு மொத்தமாக வருவதால் சிக்னல் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழுகிறது, அது மட்டும்தான் தெரியும்.

50 நானோகிராம்/மி.லி. விடுங்கள். அதே 10 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் சோர்ஸுக்கு 1.2 நானோகிராம்/மி.லி. வரும். உங்கள் பீக் உச்சியும் அதுதான்.

செய்யும்போது சில விஷயங்கள். டீ-பீஸ் காலத்துக்கும் சோர்ஸுக்கும் நடுவில், குழாய் முடிந்தவரை குட்டையாக. இன்ஜெக்ட் செய்யாமல் ஐந்து நிமிடம் ஐசோகிராட்டிக்காக விட்டுக் கோட்டைப் பாருங்கள். சிரிஞ்ச் பம்ப்பின் துடிப்பு சீரான அலையாகத் தெரிந்தால் அதை முதலில் அடக்குங்கள். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தாலும் பள்ளம் வரும். ஆனால் அது ஒவ்வொரு ரன்னிலும் ஒவ்வொரு இடத்தில் வரும், மேட்ரிக்ஸ் பள்ளம் அதே நிமிடத்தில் திரும்ப வரும். அம்லோடிபின் ஒளிக்கு ஆகாதது, சிரிஞ்சைச் சுற்றி ஃபாயில் சுற்றுங்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் கோடு மெல்லச் சரிவதைப் பார்த்துக் குழம்புவீர்கள்.

கிரேடியன்ட்டில் அசிட்டோநைட்ரைல் ஏற ஏறக் கோடும் தானாக ஏறும். அந்த ஏற்றத்துக்குள் ஒரு சின்னப் பள்ளம் ஒளிந்துகொள்ளும். அதனால் பிளாங்க் எக்ஸ்ட்ராக்ட் கோட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள். மொபைல் ஃபேஸையே இன்ஜெக்ட் செய்த கோட்டின் மேல் போட்டுப் பாருங்கள். இரண்டும் பிரியும் இடம்தான் முக்கியம்.

கடைசியாக ஒன்று. லாட் 3, 4, 5 மூன்றின் ஐஎஸ் ஏரியாவையும் பயாஸையும் இன்ஜெக்ஷன் ஆன வரிசையிலேயே, சராசரி போடாமல், இங்கே ஒட்டுங்கள்.

---

கறிவேப்பிலை எழுதியது:

பொதிகை அக்கா, ரெகவரியும் சப்ரெஷனும் எங்கள் பக்கம் ஒரே எண்ணாகத்தான் ரிப்போர்ட்டில் வரும். எதில் இழந்தோம் என்று பிரித்துப் பார்க்க வழி என்ன?

---

பொதிகை எழுதியது:

மூன்று குப்பி போதும். ஒன்றில் சுத்த சால்வென்ட்டில் மருந்து. இரண்டாவதில் பிளாங்க் இலையை எக்ஸ்ட்ராக்ட் செய்து முடித்து, அந்த எக்ஸ்ட்ராக்ட்டில் அதே அளவு மருந்து. மூன்றாவதில் இலையிலேயே மருந்தைச் சேர்த்துவிட்டு எக்ஸ்ட்ராக்ஷன். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சோர்ஸில் எவ்வளவு இழந்தோம் என்று தெரியும். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் எக்ஸ்ட்ராக்ஷனில் இழந்தது. 2003-இல் மட்டுஷெவ்ஸ்கி குழு எழுதிய முறை இது, இன்றுவரை எல்லாரும் இதைத்தான் செய்கிறோம். உங்கள் கறிவேப்பிலையில் இரண்டாவது குப்பியிலேயே விழுந்திருந்தால் எவ்வளவு குலுக்கினாலும் பயனில்லை. குலுக்கக் குலுக்க இலையின் மற்ற சரக்கும் சேர்ந்து வந்து இன்னும் மோசமாகும்.

இன்ஃப்யூஷன் இந்தக் கணக்கைத் தராது. எந்த நிமிடத்தில் ஆபத்து என்று காட்டும், அவ்வளவுதான். எவ்வளவு என்பதற்கு மூன்று குப்பி.

---

கொள்ளிடம் எழுதியது:

நன்றி மேடம். வரிசை இதோ. ஏரியா லட்சத்தில். ஒவ்வொரு லாட்டும் முதல் மூன்று லோ, அடுத்த மூன்று ஹை. லாட் 3-இன் கடைசி இன்ஜெக்ஷனிலிருந்து தொடங்குகிறேன்.

லாட் 3, ஹை: 2.06, பயாஸ் +1%

லாட் 4, லோ: 2.08, −1%
லாட் 4, லோ: 1.52, −18%
லாட் 4, லோ: 1.49, −20%
லாட் 4, ஹை: 1.50, −18%
லாட் 4, ஹை: 1.53, −17%
லாட் 4, ஹை: 1.47, −19%

லாட் 5, லோ: 1.56, −16%
லாட் 5, லோ: 2.05, +1%
லாட் 5, லோ: 2.09, 0%

ஒட்டும்போதே விசித்திரமாகத் தெரிகிறது. லாட் 4-இன் முதல் இன்ஜெக்ஷன் நன்றாக இருக்கிறது. லாட் 5-இன் முதல் இன்ஜெக்ஷன் விழுந்திருக்கிறது. சராசரியில் −5% என்று வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. சாம்பிள் மாறிவிட்டதா என்று குப்பிகளைச் சரிபார்த்தேன், இல்லை.

---

பொதிகை எழுதியது:

மாறவில்லை. இதுதான் விடை.

ஒவ்வொரு இன்ஜெக்ஷனையும் கெடுப்பது அந்த இன்ஜெக்ஷனின் பிளாஸ்மா அல்ல, அதற்கு முந்தைய இன்ஜெக்ஷனின் பிளாஸ்மா. லாட் 4-இன் முதல் குப்பிக்கு முன்னால் ஓடியது லாட் 3, அதனால் தப்பித்தது. லாட் 5-இன் முதல் குப்பிக்கு முன்னால் ஓடியது லாட் 4, அதனால் அடிபட்டது. லோ, ஹை கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. லோவில் மூன்றில் ஒன்று தப்பித்ததால் சராசரி −13 ஆனது. ஹையில் மூன்றும் மாட்டின. அடர்த்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காவலன் சொன்ன மேற்பரப்புப் போட்டி உண்மையான விஷயம்தான், ஆனால் போட்டியில் மருந்தின் பங்கு இங்கே ஒன்றுமில்லை. உச்சியிலேயே 1.2 நானோகிராம்/மி.லி.; துளியைத் திணறடிக்க அது எந்த மூலைக்கு?

திணறடிப்பது பாஸ்பாட்டிடைல்கோலின்கள். அசிட்டோநைட்ரைல் புரதத்தைப் படியவைக்கும், பாஸ்போலிப்பிடில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஒற்றைக் கொழுப்பு வால் உள்ள லைசோ வகை ஓரளவு சீக்கிரம் இறங்கிவிடும். இரட்டை வால் உள்ளவை சி18-ஐ இறுகப் பிடித்துக்கொள்ளும், அசிட்டோநைட்ரைல் அவற்றைக் கழற்றுவதில் பலவீனமானது. உங்கள் அரை நிமிடக் கழுவலில் அவை நகரும், வெளியே வராது. அடுத்த ரன் தொடங்கி கிரேடியன்ட் மறுபடி ஏறும்போது, 2.1 நிமிட வாக்கில் உங்கள் மருந்தோடு கைகோர்த்து வந்து சேரும். லாட் 4-இன் கொடையாளரிடம் அந்த வகை அதிகம் இருக்கலாம்.

உங்கள் இன்ஃப்யூஷன் கோட்டில் இது தெரியாமல் போனதற்கு டிடெக்டர் நிரம்பியது பாதிக் காரணம். ஒரே ஒரு இன்ஜெக்ஷனோடு நிறுத்தியது மீதிப் பாதி. 50 நானோகிராம் விட்டிருந்தாலும் அந்த ஒரு ரன்னில் பள்ளம் வந்திருக்காது.

இப்படிச் செய்யுங்கள். லாட் 4 பிளாங்க் எக்ஸ்ட்ராக்ட்டை நான்கு முறை தொடர்ந்து இன்ஜெக்ட் செய்யுங்கள். ஐந்தாவதாக வெறும் மொபைல் ஃபேஸ். எல்லா ரன்னிலும் இன்ஃப்யூஷன் ஓடட்டும். அதே மெத்தடில் பாஸ்போலிப்பிட் சேனல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

```
496.3 → 184.1
524.3 → 184.1
758.5 → 184.1
786.6 → 184.1
```

முதல் இரண்டும் லைசோ, அடுத்த இரண்டும் இரட்டை வால். ஐந்தாவது ரன்னில் பிளாஸ்மாவே இல்லாதபோது 2.1-இல் பள்ளம் விழுந்து, அதே இடத்தில் 758 சேனலில் மேடு எழுந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

காவலன், டைவர்ட் வால்வு யோசனையை இந்த இடத்தில் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். கெடுப்பது 2.5-க்குப் பிறகு வருவதல்ல, அடுத்த ரன்னின் 2.1-இல் வருவது. வால்வைத் திருப்பினால் சோர்ஸ் சுத்தமாக இருக்கும், ஆனால் 2.5-க்குப் பிறகு காலத்திலிருந்து என்ன இறங்குகிறது, என்ன இறங்காமல் தங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியாது.

---

பிகே_மேசை எழுதியது:

எலியில் பிகே செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, இழையை விட்டுக் கொஞ்சம் விலகினாலும். மருந்தை பெக் 400-இல் கரைத்து ஊசி போட்டால், முதல் சில நேரப்புள்ளிகளின் பிளாஸ்மாவில் பெக் ஏராளமாக இருக்கும். எங்கள் ஒரு மூலக்கூறில் ஐந்து நிமிடப் புள்ளி பதினைந்து நிமிடப் புள்ளியைவிடக் கீழே இருந்தது. ரத்தநாளத்தில் போட்ட மருந்து அப்படி ஏறி இறங்காது. முழு ஸ்கேன் எடுத்தபோது 44 டால்டன் இடைவெளியில் வரிசையாக சிகரங்கள், எங்கள் பீக் நேரத்திலேயே. பிளாங்க் பிளாஸ்மாவை எத்தனை லாட் இன்ஃப்யூஸ் செய்தாலும் இது தெரியாது, ஏனென்றால் பிளாங்க் எலிக்கு யாரும் பெக் கொடுப்பதில்லை. வெறும் வெஹிக்கிள் மட்டும் கொடுத்த எலியின் பிளாஸ்மாவை எக்ஸ்ட்ராக்ட் செய்து இன்ஃப்யூஷன் போட்டபோதுதான் பள்ளம் வந்தது. பீக்கை ஒரு நிமிடம் தள்ளி வைத்ததும் வளைவு ஒழுங்கானது. பாலிசார்பேட் 80-உம் இதே வேலையைச் செய்யும்.

---

கொள்ளிடம் எழுதியது:

செய்துவிட்டேன். 50 நானோகிராம், ஃபாயில் சுற்றி.

முதல் ரன்னில் 2.1 நேர்கோடு. இரண்டாவதிலிருந்து 2.07-இல் இறங்கத் தொடங்கி 2.25-இல் மீள்கிற பள்ளம், ஆழம் சுமார் 40%. மூன்றும் நான்கும் அதே மாதிரி. ஐந்தாவது, வெறும் மொபைல் ஃபேஸ்: அதே பள்ளம். ஆறாவதாக இன்னொரு மொபைல் ஃபேஸ் போட்டேன், பள்ளம் லேசான தழும்பாகிவிட்டது. 758, 786 இரண்டும் பள்ளத்துக்கு நேராக எழும்புகின்றன. 496, 524 அந்தந்த ரன்னிலேயே 1.6 நிமிட வாக்கில் வந்துவிடுகின்றன, மருந்தைத் தொடவில்லை.

லாட் 2-ஐ வைத்தும் இதே வரிசையை ஓட்டினேன். அங்கேயும் பள்ளம் உண்டு, ஆனால் 10%கூட இல்லை. பார்வைக்கு இரண்டு பிளாஸ்மாவும் ஒன்றுதான், லாட் 4 பால் மாதிரிக் கலங்கலாகவும் இல்லை.

இப்போது எனக்குப் புரியாத ஒன்று. பள்ளத்தில் மருந்தும் டி4-உம் சேர்ந்துதானே விழ வேண்டும்? மூன்று குப்பி முறையில், லாட் 4-ஐத் தொடர்ந்து ஓட்டி, முதல் இன்ஜெக்ஷனை விட்டுப் பார்த்தேன். மருந்து 60%, டி4 72%. விகிதம் 0.83. ஐஎஸ் ஏன் காப்பாற்றவில்லை?

---

கிரேடியன்ட்_காவலன் எழுதியது:

வரிசையைப் பார்த்துக் கண்டுபிடித்தது அருமை. அடர்த்திக் கருத்தை விட்டுவிடுகிறேன்.

ஆனால் டி4 இருந்தும் 17% தப்புவது எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஐசோடோப் ஐஎஸ் என்பதே இதற்காகத்தானே. அது சரிசெய்யவில்லையென்றால் உங்கள் ஐஎஸ் கரைசலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பேன்.

---

பொதிகை எழுதியது:

டியூட்டீரியம் போட்ட மூலக்கூறு ரிவர்ஸ் ஃபேஸில் ஒரு மயிரிழை முன்னால் வரும். பெரும்பாலும் அது பொருட்டே இல்லை. ஆனால் பள்ளத்தின் செங்குத்தான ஓரத்தில் பீக் உட்கார்ந்திருந்தால் அந்த மயிரிழையே போதும். கார்வெடிலால் எனான்ஷியோமர்களில் 2007-இல் இதை வெளியிட்டிருக்கிறார்கள். டி5 ஐஎஸ் வைத்திருந்தும், மருந்துக்கும் ஐஎஸ்ஸுக்கும் இருந்த சின்ன நேர வித்தியாசத்தால், குறிப்பிட்ட பிளாஸ்மா லாட்களில் இரண்டும் வேறு வேறு அளவுக்கு அடங்கி, விகிதமே மாறிப்போனது.

கொள்ளிடம், உங்கள் பள்ளம் 2.07-இல் இறங்கத் தொடங்குகிறது. டி4-இன் உச்சி எங்கே, மருந்தின் உச்சி எங்கே? மூன்று தசம இடத்துக்குப் பாருங்கள்.

---

கொள்ளிடம் எழுதியது:

டி4 2.088, மருந்து 2.104. பத்து இன்ஜெக்ஷனிலும் இதே வித்தியாசம்.

---

கிரேடியன்ட்_காவலன் எழுதியது:

0.016 நிமிடம், ஒரு விநாடி. பீக்கின் அகலமே 6 விநாடி. ஐந்து விநாடி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்போது 72-க்கும் 60-க்கும் இவ்வளவு இடைவெளி வருமா? கொஞ்சம் வரும், ஒத்துக்கொள்கிறேன். முழுதும் அதனால் என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஐஎஸ்ஸின் அடர்த்தி மருந்தைவிடப் பல மடங்கு என்றால் அதுவும் மருந்தை அடக்குமே.

---

பொதிகை எழுதியது:

அது நியாயமான சந்தேகம். ஐஎஸ் அடக்குமென்றால் எல்லா லாட்டிலும் அடக்கும், கர்விலும் அடக்கும், அதனால் லாட் 4-ஐ மட்டும் அது விளக்காது. ஒரு விநாடி முழு வித்தியாசத்தையும் விளக்குகிறதா என்பதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இன்ஃப்யூஷன் கோட்டில் பள்ளத்தின் ஓரம் உள்ளதைவிடச் சாய்வாகத் தெரிய வாய்ப்பு உண்டு, டீ-பீஸ் குழாயில் கொஞ்சம் கலந்து மழுங்குவதால். கார்பன்-13 போட்ட ஐஎஸ் கிடைத்தால் அது மருந்தோடு ஒரே நொடியில் வரும். அதை வைத்து லாட் 4-ஐ ஓட்டி விகிதம் 1-க்கு வந்தால் நேர வித்தியாசம்தான் என்று முடிவு. அதுவரை இதைத் திறந்தே வைப்போம்.

எப்படியிருந்தாலும் ஐஎஸ்ஸைக் கொண்டு பள்ளத்தைக் கடக்கப் பார்க்காதீர்கள். டைல்யூஷனும் இங்கே எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு மடங்கு கரைத்தால் லிப்பிட் குறையும், உங்கள் அடிமட்ட சிக்னலும் சேர்ந்து குறையும். ஏபிசிஐ-யில் பொதுவாக சப்ரெஷன் குறைவுதான். ஆனால் அம்லோடிபினின் கீழ் அளவுகளுக்கு உணர்திறன் போதுமா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும். வேலிடேஷன் நடுவில் அந்த வழியில் போக மாட்டேன்.

எனக்குத் தெரிந்து இரண்டு வழி. ஒன்று, கழுவலை மாற்றுவது. அசிட்டோநைட்ரைலில் எவ்வளவு நேரம் கழுவினாலும் பெரிய பயன் இராது. மெத்தனாலில் கொஞ்சம் ஐசோபுரோப்பனால் கலந்து, தனி சால்வென்ட் லைனில் வைத்து, பீக் இறங்கியதும் அதற்கு மாறுங்கள். ஐசோபுரோப்பனால் பிசுக்கானது, பிரஷர் ஏறும். ஓட்டத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். இன்னொன்று, எக்ஸ்ட்ராக்ஷனையே மாற்றுவது. போஸ்ட்-காலம் இன்ஃப்யூஷனை 1999-இல் பான்ஃபிக்லியோ குழு செய்து காட்டியபோதே, ஒப்பிட்ட முறைகளில் அசிட்டோநைட்ரைல் படிவுதான் அதிக சப்ரெஷன் தந்தது. அம்லோடிபின் ஒரு காரம். பிளாஸ்மாவைக் காரமாக்கி எம்டிபிஇ-யில் இழுத்தால் லிப்பிடில் பெரும்பகுதி பின்தங்கிவிடும்.

---

கொள்ளிடம் எழுதியது:

முதலில் கழுவலை முயன்றேன். மெத்தனால்-ஐசோபுரோப்பனால் 80:20, ஓட்டம் 0.3, ஒன்றரை நிமிடம். லாட் 4 நான்கு தொடர் இன்ஜெக்ஷன், அப்புறம் மொபைல் ஃபேஸ். பள்ளம் போய்விட்டது. 758 இப்போது கழுவலிலேயே முழு மேடாக இறங்குவது தெரிகிறது. லாட் 4 க்யூசி மறுபடி: லோ −2%, ஹை −1%. முதல் இன்ஜெக்ஷனுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் இல்லை.

விலை: ரன் 3.5-இலிருந்து 4.5 நிமிடம். ஆய்வில் ஏறக்குறைய 1,800 சாம்பிள். ஒரு நிமிடம் கூடினால் மெஷினில் 30 மணி நேரம். மேலே இருப்பவர்களுக்கு அது கசக்கிறது.

எம்டிபிஇ-யும் பார்த்தேன். 758 சேனல் கிட்டத்தட்ட காலி, பழைய 3.5 நிமிட ரன்னிலும் பள்ளம் இல்லை. ஆனால் ஆவியாக்கி மறுபடி கரைக்க வேண்டும், பெஞ்சில் ஆட்கள் கூடுதலாக வேண்டும். ரெகவரி 80-க்குக் கீழே, ஆனால் எல்லா லாட்டிலும் ஒரே மாதிரி.

---

கறிவேப்பிலை எழுதியது:

நான் மூன்று குப்பி வைத்துப் பார்த்தேன். இரண்டாவதே 45% தான், எக்ஸ்ட்ராக்ஷன் 95%. இத்தனை காலம் தப்பான பக்கம் குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம் லேபில். பத்து மடங்கு கரைத்ததும் 45 என்பது 88 ஆனது. எங்கள் எச்ச அளவு வரம்புக்கு அது போதும். பெரும்பாலான மருந்துகளுக்கு ஐசோடோப் ஐஎஸ் வாங்க எங்களால் முடியாது, கரைத்தலும் பிளாங்க் இலையில் போடும் கர்வும்தான் கதி.

---

பொதிகை எழுதியது:

உங்கள் அளவுகளுக்குக் கரைத்தல்தான் சரி. ஆனால் கர்வுக்கு ஒரே மரத்து இலையை வைத்துக்கொண்டு எல்லா ஊர் இலைக்கும் கணக்குப் போடாதீர்கள். லாட் 4 இங்கே செய்ததை அங்கே ஒரு மரம் செய்யும்.

கொள்ளிடம், ரெகவரி 80-க்குக் கீழே என்பதற்குக் கவலைப்படாதீர்கள், சீராக இருந்தால் போதும். நான் இருந்தால் 30 மணி நேரத்தைக் கொடுத்து கழுவலை எடுத்துக்கொள்வேன். 1,800 குப்பியைக் கையால் ஆவியாக்குவதில் தவறு நுழைய இடம் அதிகம். ஆள் பலமும் நைட்ரஜன் ஆவியாக்கியும் நிறைய இருக்கும் லேப் எம்டிபிஇ பக்கம் போகலாம்.

எதை எடுத்தாலும் லாட் டெஸ்டின் இன்ஜெக்ஷன் வரிசையை மாற்றுங்கள். ஒரு லாட்டின் ஆறையும் அடுத்தடுத்து ஓட்டியதால்தான் இது ஒரு லாட்டின் தோல்வியாக வெளியே தெரிந்தது. அது உங்கள் நல்வாய்ப்பு. லாட்களைக் கலந்து ஓட்டியிருந்தால் லாட் 4-இன் பாதிப்பு மற்ற ஐந்து லாட்களின் மேலும் சிதறி, வெறும் சிவி கூடியதாகத் தோன்றியிருக்கும். நான் இரண்டு விதமாகவும் ஒருமுறை ஓட்டுவேன். சாம்பிள் பேட்ச்சில் 758 சேனலை நிரந்தரமாக விட்டுவையுங்கள். ஒரு சப்ஜெக்ட்டின் ஐஎஸ் திடீரென்று சரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அவருக்கு முந்தைய குப்பி யாருடையது என்பதைத்தான்.

தேவையைப் பொறுத்து ஹீமோலைஸ்டு, லிப்பீமிக் பிளாஸ்மாவிலும் பார்க்கச் சொல்லி எம்10 பரிந்துரைக்கிறதே, அதைப் புதிய கழுவலோடு ஓட்டிவிட்டீர்களா?

---

கொள்ளிடம் எழுதியது:

ஹீமோலைஸ்டு ஓடிவிட்டது, சரியாக இருக்கிறது. லிப்பீமிக் பிளாஸ்மா நாளைதான் வருகிறது. தொடர் இன்ஜெக்ஷன், மொபைல் ஃபேஸ், 758 மூன்றையும் சேர்த்தே ஓட்டி கோட்டை இங்கே போடுகிறேன். கார்பன்-13 ஐஎஸ்ஸுக்கு விலை கேட்டிருக்கிறேன். காவலன், வந்தால் லாட் 4-ஐப் பழைய கழுவலிலேயே ஓட்டி உங்கள் ஒரு விநாடிச் சந்தேகத்தைப் பார்த்துவிடலாம்.